கோட்டைத் தாண்டிய பேட்டன்

2024 ஆகஸ்ட் 9. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தின் இறுதிப் போட்டி. அமெரிக்க அணியில் முதலில் ஓடியவர் கிறிஸ்டியன் கோல்மன். அவரிடமிருந்து பேட்டனை வாங்க வேண்டியவர் கென்னி பெட்னரெக், முந்தைய நாள்தான் 200 மீட்டரில் வெள்ளி வென்றவர். கோல்மன் வளைவைச் சுற்றி வந்து சேர்வதற்குள் பெட்னரெக் கிளம்பிவிட்டார். கோல்மன் கையை நீட்டினார், எட்டவில்லை. மறுபடி நீட்டினார், அப்போதும் சரியாகச் சேரவில்லை. பெட்னரெக் ஏறக்குறைய நின்றே விட்ட பிறகுதான் பேட்டன் கைமாறியது. அதற்குள் அதை மாற்றுவதற்கென்று ஒதுக்கப்பட்ட இடம் முடிந்திருந்தது. அமெரிக்கா ஏழாவதாக வந்தது, பிறகு தகுதி நீக்கமும் செய்யப்பட்டது. தங்கம் 37.50 நொடியில் ஓடிய கனடாவுக்குப் போனது.

அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் பேசியது கைகளைப் பற்றி. ஏன் பிடிக்கவில்லை, ஏன் நழுவியது என்று. ஆனால் தொடர் ஓட்டப் பயிற்சியாளர்கள் வீடியோவைப் பின்னால் தள்ளி, வாங்குபவரின் கால் எந்த நொடியில் நகர்ந்தது என்று பார்ப்பார்கள். கைகள் சந்திப்பதற்கு மூன்று நொடி முன்பு கால் எடுத்த முடிவுதான் கைகள் எங்கே சந்திக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. பேட்டன் மாற்றும் பயிற்சியில் பெரும்பகுதி அந்த ஒரு கணத்துக்கானது. கோட்டைத் தாண்டிய தவறுகளில் பெரும்பாலானவையும் அங்கேயே தொடங்குகின்றன.

முப்பது மீட்டர் இடம்

400 மீட்டர் டிராக்கில் நாலு பேர் ஆளுக்கு நூறு மீட்டர் ஓடுவதாகக் கணக்கு. ஒவ்வொரு நூறு மீட்டர் முடிவையும் அடையாளமாக வைத்து, அதற்கு 20 மீட்டர் முன்பு தொடங்கி 10 மீட்டர் பின்பு வரை ஒரு பகுதியைக் கோடு போட்டுப் பிரித்திருப்பார்கள். மொத்தம் 30 மீட்டர். மைதானத்தில் இதை ஸோன் என்பார்கள். வாங்குபவர் ஸோனுக்குள்தான் நின்று கிளம்ப வேண்டும். பேட்டன் கைமாறுவதும் ஸோனுக்குள்தான் தொடங்கி, அதற்குள்ளேயே முடிய வேண்டும்.

எது தொடக்கம், எது முடிவு என்பதை விதி துல்லியமாகச் சொல்கிறது. வாங்குபவரின் விரல் பேட்டனை முதன்முதலாகத் தொடும் கணம் தொடக்கம். கொடுத்தவர் கையை விட்டு, வாங்கியவர் கையில் மட்டும் பேட்டன் இருக்கும் கணம் முடிவு. இந்த இரண்டு கணங்களிலும் நடுவர் பார்ப்பது பேட்டன் எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான். ஓடுபவரின் கால், மார்பு, தலை எங்கே இருந்தாலும் கணக்கில்லை. வாங்கியவரின் கால் கோட்டைத் தாண்டியிருக்கலாம். பின்னால் நீட்டிய அவருடைய கையில் இருக்கும் பேட்டன் கோட்டுக்கு உள்ளே இருந்தால் அது சரியான மாற்றம். அவர் உடல் உள்ளே இருந்தும் பேட்டன் வெளியே இருந்தால் தவறு.

ஒவ்வொரு ஸோனிலும் நடுவர்கள் நிற்கிறார்கள். தவறு கண்ணில் பட்டால் மஞ்சள் கொடியை உயர்த்துவார்கள். பெரிய போட்டிகளில் வீடியோவும் பார்க்கப்படும்.

பேட்டன் கீழே விழுந்தால் அணி வெளியே என்று பலர் நினைக்கிறார்கள். விழுந்தது மட்டும் குற்றமில்லை. தவறவிட்டவரே எடுத்துக்கொண்டு, யாருக்கும் இடைஞ்சல் செய்யாமல், தூரத்தைக் குறைக்காமல் ஓட்டத்தைத் தொடரலாம். கைமாறும்போது விழுந்தால் கொடுக்க வந்தவர்தான் எடுக்க வேண்டும். நேரம் போய்விடும், ஆனால் அணி போட்டியில் இருக்கும். கோட்டுக்கு வெளியே அழகாக மாற்றிய பேட்டனுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

ரியோவில் நடந்தது

பாரிஸில் பேட்டன் ஸோனின் கடைசிக் கோட்டைத் தாண்டியது. எட்டு ஆண்டுகளுக்கு முன் ரியோவில் அதே அமெரிக்க அணி முதல் கோட்டில் மாட்டியது. 2016 ஆகஸ்ட் 19 அன்று நடந்த இறுதிப் போட்டியில் ஜமைக்கா 37.27 நொடியில் தங்கம் வென்றது; உசேன் போல்ட்டின் கடைசி ஒலிம்பிக் ஓட்டம் அது. ஜப்பான் 37.60 நொடியில் இரண்டாவது. அமெரிக்கா 37.62 நொடியில் மூன்றாவதாகக் கோட்டைத் தொட்டது. கொடியைப் போர்த்திக்கொண்டு வீரர்கள் மைதானத்தைச் சுற்றத் தொடங்கிய பிறகு தகுதி நீக்க அறிவிப்பு வந்தது. முதல் மாற்றத்தில், மைக் ரோஜர்ஸ் நீட்டிய பேட்டனை ஜஸ்டின் காட்லின் ஸோன் தொடங்குவதற்கு முன்பே தொட்டுவிட்டார். பேட்டன் முழுதாகக் கைமாறியது ஸோனுக்குள்தான். ஆனால் முதல் தொடுதலே தொடக்கம் என்பதால் அந்தத் தொடுதல் போதுமானதாக இருந்தது. அமெரிக்கா முறையிட்டது, முறையீடு நிராகரிக்கப்பட்டது. 37.64 நொடியில் வந்த கனடாவுக்கு வெண்கலம் கிடைத்தது.

அப்போது ஸோன் 20 மீட்டர்தான். அதற்கு முன்னால் 10 மீட்டர் நீளத்துக்கு இன்னொரு பகுதி இருந்தது. வாங்குபவர் அங்கிருந்து ஓடத் தொடங்கி வேகம் எடுக்கலாம், பேட்டனை மட்டும் தொடக் கூடாது. காட்லின் தொட்டது அந்த இடத்தில்தான். 2017-இன் இறுதியில் உலகத் தடகள அமைப்பு அந்த 10 மீட்டரையும் ஸோனோடு சேர்த்து 30 மீட்டராக்கியது. ரியோவில் நடந்த அதே மாற்றம் இன்று நடந்தால் செல்லும். இதனால் முதல் கோட்டில் தவறு செய்வது மிகவும் அரிதாகிவிட்டது. வாங்குபவர் கிளம்பவே இல்லை என்றால்தான் அங்கே மாட்டுவார்கள். கடைசிக் கோடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனால் இன்றைய அணிகளின் பயம் முழுவதும் அந்தக் கோட்டின் மேல்.

கோடு எதற்கு?

கோடே இல்லையென்று வைத்துக்கொள்வோம். அணியில் ஒருவர் மற்ற மூவரைவிட மிக வேகமானவர் என்றால், அவருக்கு முன்னால் ஓடுபவர் ஐம்பது மீட்டரிலேயே பேட்டனைக் கொடுத்துவிடலாம், அவருக்குப் பின்னால் வருபவர் ஐம்பது மீட்டர் தாமதித்து வாங்கலாம். ஒருவரே 200 மீட்டர் பேட்டனைச் சுமப்பார். நாலு பேரின் ஓட்டத்தில் பாதி ஒருவரின் ஓட்டமாகிவிடும். ஸோன் இதைத் தடுக்கிறது. எந்த இடத்தில் மாற்றலாம் என்று அணிக்குச் சிறிது சுதந்திரம் தருகிறது. அதற்கு மேல் ஒருவருடைய பங்கை இன்னொருவர் எடுத்துக்கொள்ள விடுவதில்லை.

அந்தச் சுதந்திரத்தையும் அணிகள் நன்றாகவே பயன்படுத்துகின்றன. இரண்டாவதாக ஓடுபவர் ஸோனின் தொடக்கத்தில், அதாவது 80-வது மீட்டரில், கிளம்பி அடுத்த ஸோனின் முடிவு வரை போனால் 130 மீட்டர் ஓடியிருப்பார். எனவே இடையில் ஓடும் இருவரும் 200 மீட்டருக்குப் பழகியவர்களாக இருந்தால் நல்லது. நேராகப் பாய்வதில் கெட்டிக்காரரைவிட வளைவில் வேகம் குறையாதவருக்கு மூன்றாவது இடம் பொருந்தும்.

பாரிஸில் அமெரிக்காவுக்கு எந்த லாபமும் கிடைக்கவில்லையே, ஏழாவதாக வந்த அணியை எதற்காக நீக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். லாபம் கிடைத்ததா என்று பார்க்கத் தொடங்கினால் ஒவ்வொரு நடுவரும் ஒரு மாதிரி தீர்ப்பு எழுதுவார். பேட்டன் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதை எல்லோரும் ஒரே மாதிரி பார்க்க முடியும். ரியோவில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே இருந்தது 0.02 நொடி. நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் அது 20 சென்டிமீட்டர்தான். பதக்கம் இவ்வளவு சிறிய தூரத்தில் முடிவாகும் விளையாட்டில், கோட்டை 'கொஞ்சம்' தாண்டலாம் என்பதற்கு இடம் இல்லை. நேரத்தைக் கூட்டித் தண்டிப்பதற்கும் நியாயமான கணக்கு எதுவும் கிடையாது.

டேப் எங்கே ஒட்டுவது?

இனி பயிற்சிக்கு வருவோம். 4×100-இல் வாங்குபவர் திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறார். பேட்டனைப் பார்த்துக்கொண்டு ஓடினால் வேகம் போய்விடும். அப்படியானால் எப்போது கிளம்புவது? அதற்காகத் தன் லேனில், தான் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு டேப் ஒட்டிக்கொள்கிறார். விதி ஒரே ஒரு அடையாளத்தைத்தான் அனுமதிக்கிறது. 5 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு மேல் போகக் கூடாது. கொடுக்க வருபவர் அந்த டேப்பைக் கடந்த கணத்தில் வாங்குபவர் முழு வேகத்தில் பாய வேண்டும்.

டேப்பை எவ்வளவு தூரத்தில் ஒட்ட வேண்டும் என்பதை ஒரு சின்னக் கணக்கு போட்டுக் கண்டுபிடிக்கலாம். நல்ல தரமான இரண்டு ஓட்டக்காரர்களை எடுத்துக்கொள்வோம். கொடுப்பவர் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வருகிறார். வாங்குபவர், டேப்பைக் கடப்பதைக் கண்டு கிளம்பி 25 மீட்டர் போவதற்கு 3.4 நொடி எடுக்கிறார். பேட்டனை ஸோனின் 25-வது மீட்டரில் மாற்ற வேண்டும் என்பது திட்டம். அந்த 3.4 நொடியில் கொடுப்பவர் 34 மீட்டர் ஓடியிருப்பார். இருவரின் கைகளும் நீண்டிருப்பதால் உடல்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி இருக்கலாம். அதாவது வாங்குபவர் 25-வது மீட்டரில் இருக்கும்போது கொடுப்பவர் 24-வது மீட்டரில் இருந்தால் போதும். 34 மீட்டர் ஓடி 24-வது மீட்டருக்கு வர வேண்டுமானால், அவர் வாங்குபவருக்கு 10 மீட்டர் பின்னால் இருக்கும்போது வாங்குபவர் கிளம்பியிருக்க வேண்டும். டேப் அங்கே வர வேண்டும். மைதானத்தில் இதை அளவு நாடாவால் அளப்பதில்லை. குதிகாலை முன்பாதத்தோடு ஒட்டிவைத்து அடி அடியாக எண்ணுவார்கள். ஒரு ஷூ 30 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 33 அடி.

இதே கணக்கில்தான் ஆபத்தும் இருக்கிறது. வாங்குபவர் பதற்றத்தில் 0.1 நொடி முன்னதாகக் கிளம்பினால், அந்த நேரத்தில் கொடுப்பவர் ஓடியிருக்க வேண்டிய ஒரு மீட்டர் குறைந்துவிடும். 25-வது மீட்டரில் இடைவெளி இரண்டு மீட்டர், கை எட்டாது. சரி, இன்னும் சற்றுத் தள்ளிப் போய் எட்டட்டும் என்றால், 25 மீட்டர் ஓடிய வாங்குபவரின் வேகமும் இப்போது கொடுப்பவரின் வேகத்துக்குச் சமமாகிவிட்டது. ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு பேருந்துகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி எத்தனை கிலோமீட்டர் போனாலும் குறையாது. இங்கே மிச்சம் இருப்பதோ ஐந்து மீட்டர், அரை நொடி. அந்த அரை நொடியில் வாங்குபவர் வேகத்தைக் குறைத்தால்தான் பேட்டன் உள்ளே மாறும்.

கொடுப்பவர் களைத்துப்போய் வந்தாலும் இதே விளைவுதான். 10 மீட்டர் வேகத்துக்குப் பதில் 9.7 மீட்டரில் வந்தால் 3.4 நொடியில் 33 மீட்டர்தான் ஓடியிருப்பார். அதிலும் ஒரு மீட்டர் காணாமல் போகிறது. அவர் அவ்வளவு மெதுவாக வருகிறார் என்பது முன்னால் பார்த்துக்கொண்டு ஓடுபவருக்குத் தெரியாது.

பயிற்சி நடக்கும் விதம்

தொடக்கம் நின்ற இடத்திலேயே. நாலு பேரும் வரிசையாக, ஒருவருக்கு முன் ஒருவர் சற்று விலகி நின்று, ஓடுவதுபோல் கைகளை வீசுகிறார்கள். கடைசியில் இருப்பவர் ஒரு சத்தம் கொடுக்கிறார். முன்னால் இருப்பவர் ஒரு கை வீச்சு முடிந்ததும் கையைப் பின்னால் நீட்டி அசையாமல் வைக்கிறார். பேட்டன் அதில் வந்து சேர்கிறது. முதல் ஆள் வலது கையில் பிடித்து அடுத்தவரின் இடது கையில் கொடுக்கிறார், அவர் மூன்றாமவரின் வலது கையில், அவர் நான்காமவரின் இடது கையில். கையை மாற்றிப் பிடிக்க வேண்டியதே இல்லை. வளைவில் ஓடும் முதல் ஆளும் மூன்றாம் ஆளும் பேட்டனை வலது கையில் வைத்திருப்பதால், லேனின் உள்விளிம்பை ஒட்டிக் குறைந்த தூரம் ஓடி, வெளிப்பக்கம் நிற்பவரின் இடது கையில் கொடுக்க முடிகிறது.

கொடுக்கும் முறையில் அணிகள் வேறுபடுகின்றன. உள்ளங்கை பின்னோக்கி இருக்குமாறு கையைத் தோள் உயரத்துக்கு அருகில் நீட்டி, அதில் பேட்டனை நேராகத் தள்ளுவது ஒரு முறை. இதில் இருவரின் கைகளும் முழுதாக நீள்வதால் இடைவெளி லாபம் அதிகம். ஜப்பான் அணி பல ஆண்டுகளாகப் பின்பற்றி வந்தது இன்னொரு முறை. வாங்குபவர் கையை இடுப்பருகே தாழ்த்தி வைக்க, கொடுப்பவர் கீழிருந்து மேலாகப் பேட்டனைச் செலுத்துவார். இடைவெளி லாபம் குறைவு, ஆனால் ஓடும் நிலை கலையாது. ரியோவில் அந்த அணியில் ஓடிய யமகாடா, இயிஸுகா, கிரியூ, கேம்பிரிட்ஜ் நாலு பேரும் அதுவரை நூறு மீட்டரைப் பத்து நொடிக்குள் ஓடியதே இல்லை. நாலு பேரின் சிறந்த நேரத்தையும் கூட்டினால் 40 நொடிக்கு மேல் வரும். தொடர் ஓட்டத்தில் அவர்கள் எடுத்தது 37.60. முதல் ஆளைத் தவிர மற்றவர்கள் வேகம் எடுத்த பிறகே பேட்டனை வாங்குவதால் எல்லா அணிகளுக்கும் இந்த லாபம் உண்டு. ஜப்பான் அதை வீணாக்காமல் வைத்துக்கொண்டது.

அடுத்து மெல்லோட்டத்தில், பிறகு முக்கால் வேகத்தில் கைகளைப் பழக்குகிறார்கள். டேப்பின் இடம் மட்டும் முழு வேகத்தில் ஓடினால்தான் தெரியும். பயிற்சியாளர் ஸோனின் 22-வது மீட்டரிலும் 27-வது மீட்டரிலும் அடையாளக் கூம்புகளை வைத்துவிட்டுக் கடைசிக் கோட்டருகே நிற்கிறார். பேட்டன் கூம்புகளுக்கு நடுவே மாறினால் டேப் சரி. கொடுப்பவர் அதற்கு முன்பே நெருக்கி வந்துவிட்டால், டேப்பை ஓர் அடி பின்னுக்குத் தள்ள வேண்டும். அப்போது வாங்குபவர் இன்னும் சீக்கிரம் கிளம்புவார். எட்டவில்லை என்றால் ஓர் அடி முன்னுக்கு இழுக்க வேண்டும். ஆனால் டேப்பைத் தொடுவதற்கு முன் வாங்குபவர் உண்மையிலேயே டேப்பைப் பார்த்துத்தான் கிளம்பினாரா, கிளம்பிய பிறகு முழு வேகத்தில் பாய்ந்தாரா என்று பார்க்க வேண்டும். ஒரு முறை தயங்கியும் ஒரு முறை பாய்ந்தும் கிளம்புபவருக்கு எங்கே டேப் ஒட்டினாலும் சரிவராது. அதனால்தான் பேட்டனே இல்லாமல் கிளம்புவதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள்.

ஸ்டாப் வாட்ச் வைத்து ஓடுபவரை அளக்காமல் பேட்டனை அளப்பது நல்ல சோதனை. ஸோனின் முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை பேட்டன் எடுத்த நேரம் என்ன? 10 மீட்டர் வேகம் குறையாமல் போனால் 3 நொடி. 3.3 ஆனால், மாற்றம் பார்க்க அழகாக இருந்தாலும் 0.3 நொடி தொலைந்தது. பெரும்பாலும் வாங்குபவர் கையைச் சீக்கிரம் நீட்டி, நீட்டிய கையோடே ஓடியிருப்பார்.

பயிற்சிக்கும் போட்டிக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. முழு வேக மாற்றங்களை ஒரு நாளில் சில தடவைக்கு மேல் செய்ய முடியாது, கால் தாங்காது. அதனால் கொடுப்பவரை ஐம்பது அறுபது மீட்டர் மட்டும் ஓடவிட்டுப் பழக்குகிறார்கள். அவர் புத்துணர்ச்சியோடு வருகிறார். போட்டியில் நூறு மீட்டருக்கு மேல் ஓடிவிட்டு வருபவர் அதே ஆள் அல்ல. ஒரு தடவையாவது முழுத் தூரத்தையும் ஓடவிட்டு டேப்பைச் சரிபார்க்காத அணி, போட்டியன்று கடைசிக் கோட்டில் மாட்டும். எதிர்க்காற்றிலும் அப்படித்தான். தகுதிச் சுற்றில் டேப்பை ஓர் அடி அல்லது இரண்டு அடி உள்ளே வைத்துப் பத்திரமாக மாற்றி, இறுதிப் போட்டியில் மட்டும் வெளியே தள்ளும் அணிகள் உண்டு. அந்த இரண்டு அடிதான் அவர்கள் எடுக்கும் துணிச்சலின் அளவு.

ஆள் மாறினால் எல்லாமே மாறும். இடையில் ஓடும் ஒருவருக்குப் பதில் இன்னொருவர் வந்தால், அவர் வாங்கும் மாற்றம், கொடுக்கும் மாற்றம் இரண்டின் டேப்பையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். உலகின் வேகமான நாலு பேரைக் கடைசி வாரத்தில் ஒன்றுசேர்க்கும் நாடுகள் திரும்பத் திரும்பத் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம்.

தவறிவிட்டால்?

இவ்வளவுக்குப் பிறகும் போட்டியில் பக்கத்து லேன்காரர் கிளம்புவதைப் பார்த்துத் தானும் கிளம்பிவிடுவது நடக்கும். அதற்கும் பழகிக்கொள்ள வேண்டும். சத்தம் கேட்டுக் கையை நீட்டியும் பேட்டன் வரவில்லை என்றால், வாங்குபவர் திரும்பிப் பார்த்துத் தேடக் கூடாது. கை இருந்த இடத்தைவிட்டு அலைந்தால் கொடுப்பவரால் இலக்கைப் பிடிக்க முடியாது. கையை அப்படியே வைத்துக்கொண்டு, கோடு வருவதற்குள் வேகத்தைக் குறைக்க வேண்டும். கொடுப்பவரும் 'நில்' என்று கத்தலாம். சில பத்தில் ஒரு நொடிகள் போகும். பதக்கமும் போகலாம். ஆனால் அணியின் நேரம் பதிவாகும், தகுதிச் சுற்றானால் அடுத்த சுற்று வாய்ப்பும் பிழைக்கும்.

4×400-இல் இந்தச் சிக்கல் வேறு மாதிரி. அங்கே ஸோன் 20 மீட்டர்தான். வருபவர் எவ்வளவு களைத்து வருவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால், வாங்குபவர் திரும்பிப் பார்த்தே அவர் வேகத்துக்குத் தக்கபடி கிளம்பி, கண்ணால் பார்த்து வாங்குகிறார். பள்ளி விளையாட்டு விழாக்களில் 4×100 ஓடும் பிள்ளைகளும் பெரும்பாலும் இப்படியே திரும்பிப் பார்த்து வாங்குகிறார்கள். அதில் தவறில்லை. திரும்பிப் பார்க்காமல் வாங்கும் முறை, ஒரே நாலு பேர் வாரக்கணக்கில் சேர்ந்து பழகியிருந்தால்தான் பலன் தரும். பழகாத பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது டேப்பும் கிளம்பும் கணமும்தான். அது சரியானால், கை பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

அடுத்த முறை தொலைக்காட்சியில் தொடர் ஓட்டம் பார்க்கும்போது, பேட்டன் கைமாறும் இடத்துக்குச் சற்று முன்பே கண்ணைக் கொண்டுபோய், குனிந்து காத்திருக்கும் வாங்குபவரின் கால்களைப் பாருங்கள். வருபவர் டேப்பைக் கடக்கும் முன்பே அந்தக் கால் நகர்ந்துவிட்டால், மஞ்சள் கொடி உயர்வதற்கு மூன்று நொடி முன்பே அது உயரக்கூடும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.